சென்னையில் குளிர்ந்த ஸ்லாப்: கூரை சொட்டுமா, சொட்டாதா?

கேள்வி: "ஈசிஆர் பக்கம் எங்கள் ஆபீஸுக்குச் சொந்தக் கட்டடம் கட்டுகிறோம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு 1,080 சதுர அடி. கூரை ஸ்லாபுக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீர் ஓட்டலாம், கரன்ட் மிச்சம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். சென்னைப் புழுக்கத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் என்கிறார் ஏசி கான்ட்ராக்டர். யாரை நம்புவது?"

சொட்டும், காற்றை முதலில் உலர்த்தாவிட்டால். உலர்த்திவிட்டால் ஸ்லாப் சொட்டாது. ஆனால் வேறு சில இடங்கள் சொட்டும், அவற்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்ட்ராக்டரின் பயம் நியாயமானது, அவர் கை காட்டும் இடம்தான் தவறு.

ஐஸ் வாட்டர் டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் தண்ணீராக மாறத் தொடங்குகிறதோ, அதுதான் பனிநிலை, எங்கள் பேச்சில் ட்யூ பாயிண்ட். ஒரு பரப்பு அதைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும், இல்லாவிட்டால் வியர்க்காது. சாதாரண ஸ்ப்ளிட் ஏசியில் இந்த வியர்வை காயிலில் நடக்கிறது, டிரெயின் குழாய் வழியாக வெளியே போகிறது. அதாவது அந்த ஒரே பெட்டி சூட்டையும் எடுக்கிறது, ஈரத்தையும் எடுக்கிறது. ஸ்லாபுக்கு டிரெயின் குழாய் கிடையாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம். சூட்டை ஸ்லாப் பார்த்துக்கொள்ளும், ஈரத்தைத் தனியாக ஒரு புதுக்காற்று யூனிட் பார்த்துக்கொள்ளும். இந்த யூனிட் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, நன்றாகக் குளிரவைத்து, ஈரத்தைப் பிழிந்துவிட்டு அறைக்குள் அனுப்பும். அது நின்றால் ஸ்லாபும் நின்றாக வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

சென்னையில் பலரும் தடுக்கி விழும் இடம் வெளிக்காற்றுக் கணக்கு. மே மாதம் பிற்பகல், 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிநிலை 21.6 டிகிரிதான், ஒரு கிலோ காற்றில் 16 கிராம் ஈரம். அப்புறம் கடல்காற்று ஏறுகிறது. வெயில் தணிந்து 32 டிகிரிக்கு வருகிறது, ஈரப்பதம் 75 சதவீதம். எல்லோரும் "அப்பாடா" என்கிறார்கள். ஆனால் பனிநிலை 27 டிகிரிக்கு ஏறிவிட்டது, கிலோவுக்கு 22.7 கிராம் ஈரம். உங்கள் புதுக்காற்று யூனிட்டுக்கு இந்த இரண்டாவது நேரம்தான் பரீட்சை. அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து யூனிட் அளவைத் தீர்மானித்தால், கத்திரி வெயிலில் ஜோராக ஓடும், ஐப்பசி மழையில் படுத்துவிடும். உங்களுக்குக் கொட்டேஷன் வரும்போது கணக்கை எந்தப் பனிநிலைக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். பதிலாக வெறும் வெப்பநிலையைச் சொன்னால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரி, உங்கள் ஒரு மாடிக்கே கணக்குப் போடுவோம். 1,080 சதுர அடி என்றால் 100 சதுர மீட்டர். உயரம் 3 மீட்டர், 10 பேர் வேலை செய்கிறார்கள். அறை 26 டிகிரியில், பனிநிலை 15 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைச் சற்றே தாண்டும், கிலோவுக்கு 10.6 கிராம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 80 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். பத்துப் பேருக்கு 800 கிராம். இதை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். பலர் விட்டுவிடுவது கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக நுழையும் காற்றை. மணிக்கு அறைக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அப்படி நுழைந்தால்கூட, 60 கனமீட்டர், எடையில் 70 கிலோ. ஒவ்வொரு கிலோவும் 12 கிராம் கூடுதல் ஈரத்தைக் கொண்டுவருகிறது. மொத்தம் 840 கிராம். ஜன்னல் இடுக்கில் பத்துப் பேர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து வியர்க்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆக மணிக்கு 1,650 கிராம் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூச்சுக்குத் தேவையான புதுக்காற்று, அமெரிக்க ஆஷ்ரே தரக்கணக்கில், இந்த அறைக்கு மணிக்குச் சுமார் 200 கனமீட்டர், அதாவது 240 கிலோ. அதை வைத்து மட்டும் 1,650 கிராமை எடுக்க வேண்டுமானால், உள்ளே அனுப்பும் காற்றில் கிலோவுக்கு நாலு கிராமுக்கும் குறைவாகத்தான் ஈரம் இருக்கலாம். அதற்குப் பனிநிலை பூஜ்யம் டிகிரிக்குப் போக வேண்டும். சாதாரணக் காயிலில் ஐஸ் கட்டிவிடும், நடக்காது. இந்த இடத்தில்தான் சிலர் "அப்போது ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் சக்கரம் போடுங்கள்" என்று பெரிய செலவுக்கு இழுப்பார்கள். நான் இரண்டு எளிய காரியங்களை முதலில் செய்வேன். ஜன்னல்களை ரப்பர் காஸ்கெட்டோடு இறுக்கி மூடுகிற மாதிரி வாங்கி, நுழையும் காற்றைப் பாதியாக்குவேன். 840 கிராம் 420 ஆகிவிடும். புதுக்காற்றை இரட்டிப்பாக்கி மணிக்கு 400 கனமீட்டர், நம் ஊர்க் கணக்கில் நிமிடத்துக்கு 235 கன அடி, அதாவது 235 சிஎஃப்எம், ஆக்குவேன். இப்போது 475 கிலோ காற்று, 1,230 கிராம் ஈரம். கிலோவுக்கு 2.6 கிராம் சுமந்துகொண்டு போனால் போதும். அனுப்பும் காற்று 8 கிராமில் இருக்கலாம், பனிநிலை 11 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. 6, 7 டிகிரி சில்டு வாட்டர் ஓடும் ஆழமான காயிலுக்கு இது சாதாரண வேலை.

அந்த 400 கனமீட்டரில் 340-ஐ மட்டும் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே எடுங்கள். மிச்சம் 60 இடுக்குகள் வழியாக வெளியே கசியட்டும். காற்று உள்ளிருந்து வெளியே போகும் வரை வெளி ஈரம் உள்ளே வராது. இது தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே ஒரு கதை இருக்கிறது.

வெளியே போகும் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கிறது, அதைச் சும்மா விடக்கூடாது. கடல்காற்று நேரத்தில் அந்த 475 கிலோவைக் காயிலில் மட்டும் உலர்த்த 8 கிலோவாட் குளிர்ச்சி வேண்டும். சூட்டோடு ஈரத்தையும் கைமாற்றும் என்தால்பி சக்கரம் ஒன்றை நடுவில் வைத்தால், டாய்லெட் காற்றைச் சக்கரத்தில் விடாமல் தனியே வெளியேற்றிய பிறகும், ஐந்தரை கிலோவாட்டுக்கு இறங்கிவிடும்.

காயிலை விட்டு 11 டிகிரியில் வரும் காற்றை அப்படியே அறையில் விட்டால் காற்று வெளிவரும் டிஃப்யூசர் தகடு வியர்க்கும், கீழே உட்கார்ந்திருப்பவர் சால்வை கேட்பார். அதனால் காயிலைச் சுற்றி வரும் ஒரு ஹீட் பைப், காயிலுக்குள் நுழையும் காற்றின் சூட்டையே எடுத்து, காயிலை விட்டு வரும் காற்றுக்குக் கொடுத்து, 18 டிகிரிக்குக் கொண்டுவரட்டும். கரன்ட் ஹீட்டர் போட்டுச் சூடாக்குவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், ஸ்லாபில் மிச்சம் பிடித்ததை அங்கே கொட்டிவிடுவோம்.

இப்போது ஸ்லாபுக்கு எவ்வளவு வேலை மிச்சம்? பத்துப் பேரின் உடல் சூடு 750 வாட், கம்ப்யூட்டர்கள் 1,200, விளக்கு 600, நிழல் தந்த சுவரும் கண்ணாடியும் வழியாக 2,000. மொத்தம் சுமார் 4,550 வாட். 18 டிகிரிக் காற்றே அதில் ஆயிரத்தைத் தூக்கிவிடும். மிச்சம் 3,500. பீம் ஓரம், லைட், ஃபேன் இடம் போகக் கூரையில் 80 சதுர மீட்டர் உருப்படியாகக் கிடைக்கும் என்றால், சதுர மீட்டருக்கு 44 வாட். குளிர்ந்த கூரை ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் இழுக்கும். ஆக 4 டிகிரி வித்தியாசம் போதும். கூரைப் பரப்பு 22 டிகிரியில் இருக்கும்.

இந்த எண்ணைக் கான்ட்ராக்டரிடம் காட்டுங்கள். பரப்பு 22, அறையின் பனிநிலை 15. நடுவில் 7 டிகிரி இடைவெளி. கூரையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காலையில் தொட்டால் மார்பிள் திண்ணை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

20 மில்லிமீட்டர் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் பதித்தால் ஒரு மாடிக்கு ஏறக்குறைய 650 மீட்டர். அதை ஏழு சுற்றாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் 17 டிகிரியில் போய் 20 டிகிரியில் திரும்பும், மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 17 லிட்டர் அளவில். 17 டிகிரித் தண்ணீரும் பனிநிலைக்கு இரண்டு டிகிரி மேலேதான் என்பதைக் கவனியுங்கள். கரன்ட் மிச்சம் இங்கேதான் பிறக்கிறது. 7 டிகிரித் தண்ணீர் செய்யும் சில்லரை விட 16, 17 டிகிரித் தண்ணீர் செய்யும் சில்லர் கணிசமாகக் குறைவாகத் தின்னும். ஆனால் புதுக்காற்று யூனிட்டுக்கு 7 டிகிரியும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சில்லரை 7 டிகிரியில் ஓட்டி, ஸ்லாபுக்குக் கலந்து கொடுத்தால் வேலை நடக்கும், மிச்சம் பெரும்பகுதி போய்விடும். மூன்று மாடிக்கும் சேர்த்து இரண்டு தனி மெஷின் என்பதுதான் என் யோசனை. ஒரே ஒரு மாடி என்றால் நானே ஸ்ப்ளிட் ஏசி போடச் சொல்லியிருப்பேன்.

அப்புறம், எந்த ஸ்லாபில் குழாய் போடக்கூடாது என்பது. உங்கள் ஸ்டில்ட் பார்க்கிங் மேலுள்ள ஸ்லாபைத் தொடாதீர்கள். அதன் அடிப்பக்கம் வெளிக்காற்று, பனிநிலை 27. மேலே எவ்வளவு உலர்ந்த அறை இருந்தாலும் கீழே நிற்கும் கார் மேல் சொட்டும். முதல் மாடிக் கூரை, இரண்டாம் மாடிக் கூரை, மொட்டை மாடி, இந்த மூன்றில் மட்டும் போடுங்கள். மொட்டை மாடிக்கு மேலே குறைந்தது 75 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் ஃபோம் காப்பு, அதன் மேல் தட்டு ஓடு. இல்லாவிட்டால் நீங்கள் குளிரவைப்பது வெயிலைத்தான். சன்ஷேடும் பால்கனியும் அதே கான்கிரீட்டின் தொடர்ச்சிதானே, அதனால் வெளி விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் உள்ளே குழாயை நிறுத்துங்கள். குளிர் கான்கிரீட் வழியாக நடந்து வெளியே போய் சன்ஷேடு அடியில் வியர்த்து, இரண்டு மழைக்காலத்தில் கருப்புப் பூஞ்சையாகத் தெரியும்.

உண்மையில் சொட்டுவது எங்கே என்றால் மேனிஃபோல்டில். ஏழு சுற்றும் வந்து சேரும் பித்தளைப் பெட்டி அது. ஸ்லாப் பரப்பு 22 டிகிரி, ஆனால் அந்தப் பித்தளை 17 டிகிரி. அறையில் பனிநிலை இரண்டு டிகிரி ஏறினால் முதலில் வியர்ப்பது அதுதான். குழாயை அழகாகக் கருப்பு ரப்பர் காப்பில் சுற்றிவிட்டு, வால்வையும் ஃப்ளோ மீட்டரையும் கிளாம்பையும் திறந்து விட்டுவிடுவார்கள். சுவர் அலமாரிக்குள் இருப்பதால் ஒரு மாதம் யாருக்கும் தெரியாது, அப்புறம் கீழே மர ஸ்கர்ட்டிங் உப்பிக்கொண்டு வரும். மேனிஃபோல்டை அறைக்குள், உலர்ந்த காற்று படும் இடத்தில் வையுங்கள். அதன் அடியில் ஒரு தட்டும், தட்டில் ஒரு ஈர சென்சாரும் வையுங்கள். அந்த சென்சார் முந்நூறு ரூபாய்ப் பொருளாகவே இருக்கட்டும், முழுக் கட்டடத்துக்கும் முதல் எச்சரிக்கை அங்கிருந்துதான் வரும்.

கன்ட்ரோலுக்கு வருவோம். வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்த சென்சாரிலிருந்து பனிநிலையைக் கணக்கிட்டு, தண்ணீரின் வெப்பநிலையை அதற்கு மேலே பிடித்து வைப்பதுதான் அடிப்படை. உங்கள் ஆட்டோமேஷன் ஆளிடம் இதைக் கொடுங்கள்:

```
g    = ln(RH/100) + 17.62*T/(243.12+T)
Td   = 243.12*g/(17.62-g)
Tset = max(17, Td+2)
```

`T` அறை வெப்பநிலை, `RH` ஈரப்பதம், `Td` பனிநிலை, `Tset` ஸ்லாபுக்கு அனுப்பும் தண்ணீர். மாடியில் இரண்டு, மூன்று சென்சார் வைத்து அதில் மிக அதிகமான `Td` எதுவோ அதை எடுக்க வேண்டும், சராசரியை அல்ல. ஒன்று மெயின் கதவுக்கு அருகே இருக்கட்டும். டிஃப்யூசருக்குக் கீழே மாட்டினால் அது எப்போதும் எல்லாம் நலம் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூட்டல் 2 ஏன்? நல்ல சென்சாருக்கே ஈரப்பதத்தில் 2 சதவீதம் முன்னே பின்னே போகும். பனிநிலையில் அது 0.6 டிகிரி. இரண்டு வருடம் கழித்து 5 சதவீதம் தவறினால் ஒன்றரை டிகிரி போய்விடும். சோதிக்க லேப் எல்லாம் வேண்டாம். ஒரு மூடி போட்ட டப்பாவில் சமையல் உப்பைச் சேறு மாதிரி நனைத்து வைத்து, சென்சாரை உப்பில் படாமல் உள்ளே விட்டு மூடி, ஒரு இரவு வையுங்கள். நம் ஊர் அறை வெப்பநிலையில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 80 என்று சொன்னால் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், எங்கள் பையன்கள் இதைச் செய்வார்கள்.

இந்த ஃபார்முலாவை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீரின் வெப்பநிலையை மிக்ஸிங் வால்வு இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடும். ஆனால் ஆறு அங்குலக் கான்கிரீட் இரண்டு நிமிடத்தில் மாறாது, பல மணி நேரம் அப்படியே குளிர்ந்து கிடக்கும். தண்ணீரை நிறுத்தியதும் வியர்வை நின்றுவிடும் என்பது மெல்லிய உலோகக் கூரைத் தகடுகளுக்குப் பொருந்தும், ஸ்லாபுக்குப் பொருந்தாது. அதனால் ஸ்லாபுக்கு நிஜமான பிரேக் புதுக்காற்று யூனிட்தான். பனிநிலை 15.5-ஐத் தாண்டியதும் காற்று யூனிட்டை முழு வேகத்துக்கு ஏற்றுங்கள். 16.5-க்கு வந்தால் தண்ணீர் தானாகவே உயரத் தொடங்கியிருக்கும். 18-ஐத் தாண்டினால் அந்த மாடிக்குச் சில்லர் தண்ணீரை மூடிவிட்டு ஆளுக்கு மெசேஜ் அனுப்புங்கள். அந்த நேரத்தில் ஸ்லாப் இன்னும் 22-இல் இருப்பதால், கதவை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவகாசம் இருக்கும்.

அவகாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மோசமான நிலை: மழை நாள், கதவு முழுக்கத் திறந்து கிடக்கிறது, அறைப் பனிநிலை 25-க்குப் போய்விட்டது, ஸ்லாப் 22. அப்போதும் சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 40 கிராம்தான் படியும். தாள் மாதிரி ஒரு ஈரப்படலம், அவ்வளவுதான். பெயின்ட் அடித்த கூரையில் அது துளியாகத் திரண்டு விழ மணிக்கணக்காகும். ஆகவே பார்சல் வந்தது, கதவு பத்து நிமிடம் திறந்திருந்தது என்பதற்கெல்லாம் யாரும் பதற வேண்டாம். விஷயம் சனி, ஞாயிறு.

கதைக்கு வருகிறேன். நகரின் தெற்கே ஒரு ஆபீஸ், பெயர் வேண்டாம். ஒரு நவம்பர் மாதம் திங்கட்கிழமை காலை கூப்பிட்டார்கள், கூரை நனைந்திருக்கிறது என்று. போய்ப் பார்த்தால் டேபிள் மேலிருந்த பேப்பரெல்லாம் வதங்கின வெற்றிலை மாதிரி தொய்ந்து கிடந்தது. அறை 26 டிகிரி, ஈரப்பதம் 78 சதவீதம். பனிநிலை 21.9. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கூரையில் காட்டினேன், 21.5. கையை வைத்துத் தடவினால் உள்ளங்கை ஈரம். நேரக் கட்டுப்பாட்டைப் பார்த்தோம். வெள்ளி மாலை காற்று யூனிட் நின்றுவிடுகிறது, ஸ்லாப் பம்பும் சில்லரும் ஞாயிறு இரவே ஓடத் தொடங்குகின்றன, ராத்திரியில் ஸ்லாபைக் குளிரவைத்தால் சில்லர் சிக்கனமாக ஓடும் என்று. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு நாள் மூடிக் கிடந்த கட்டடத்துக்குள் வெளி ஈரம் மெதுவாக நிறைந்துவிட்டிருந்தது. உலர்த்த ஆளில்லாத காற்றுக்கு நடுவே ஸ்லாபைக் குளிரவைத்திருக்கிறார்கள்.

நேரத்தை மாற்றினோம். திங்கள் சரியானது. ஆனால் புதன்கிழமை மதியமும் பனிநிலை 18-க்குக் கீழே இறங்கவில்லை. யூனிட்டில் கோளாறு இல்லை, அனுப்பும் காற்று சரியாக 8 கிராமில் இருந்தது. கடைசியில் மெயின் கதவை ஒரு விரற்கடை திறந்து, இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைப் பிடித்தேன். பேப்பர் உள்பக்கம் பறந்தது. காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. டாய்லெட்டுக்கும் பேன்ட்ரிக்கும் பின்னால் யாரோ பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மணிக்கு 520 கனமீட்டர் இழுக்கின்றன, நாங்கள் அனுப்புவது 400. மிச்சம் 120 கனமீட்டர் இடுக்குகள் வழியாக மழை ஈரத்தோடு நுழைகிறது. நாம் மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள், மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். ஃபேனின் வேகத்தைக் குறைத்தோம், பேப்பர் வெளிப்பக்கம் பறக்கத் தொடங்கியது, மறுநாள் காலை பனிநிலை 15.4. அதிலிருந்து எந்த ஸ்லாப் கட்டடத்துக்குப் போனாலும் என் சட்டைப் பையில் ஒரு டிஷ்யூ இருக்கும்.

ஆகவே காலைத் தொடக்கத்துக்கு வரிசை இப்படி இருக்கட்டும். ஒன்பது மணிக்கு ஆபீஸ் என்றால் ஆறு மணிக்குக் காற்று யூனிட் மட்டும், வெளிக்காற்றை எடுக்காமல் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி உலர்த்தும்படி ஓட வேண்டும். காற்றில் மட்டும் உள்ள ஈரம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், ஆனால் பேப்பர், துணி நாற்காலி, ஜிப்சம் பலகை இவை குடித்து வைத்திருப்பதைக் கக்க இன்னும் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். பனிநிலை 17-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஸ்லாப் பம்புக்கு அனுமதி. இரவில் ஸ்லாபைக் குளிரவைக்க ஆசையிருந்தால், அந்த இரவு முழுக்கக் காற்று யூனிட்டும் குறைந்த வேகத்தில் விழித்திருக்க வேண்டும்.

ஹைதராபாத்தோடு ஒப்பிடும் பேச்சு வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். அங்கே இன்ஃபோசிஸ் 2011-இல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏசியும் மறுபாதிக்குக் குளிர்ந்த ஸ்லாபும் போட்டு அளந்தது. ஸ்லாப் பக்கம் குளிரூட்ட 34 சதவீதம் குறைந்த மின்சாரம் எடுத்தது. அந்த எண்ணை அப்படியே ஈசிஆருக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே ஈரம் குறைவு, ஆக ஸ்லாபுக்கு வேலை அதிகம், காற்று யூனிட்டுக்குக் குறைவு. உங்களிடம் கடல்காற்று நேரத்தில் காற்று யூனிட் ஐந்தரை கிலோவாட், ஸ்லாப் மூன்றரை. மலிவான 17 டிகிரித் தண்ணீர் செய்யும் வேலை பாதிக்கும் குறைவு, கரன்ட் மிச்சமும் அதற்கேற்பக் குறையும். ஈரமான ஊரில் நடக்குமா என்றால், 2006-இல் திறந்த பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பயணிகள் நடக்கும் தரையே குளிர்ந்த தரைதான். உலர்ந்த காற்றைக் கீழ்மட்டத்திலேயே விடுகிறார்கள், ஆட்கள் இருக்கும் உயரம் மட்டும் குளிர்கிறது. பாங்காக்கும் சென்னை மாதிரியே புழுக்கமான ஊர்தான்.

கான்கிரீட் போடும் நாளுக்கு இரண்டு விஷயம். குழாயைக் கம்பியில் கட்டி முடித்ததும் 6 பார் அழுத்தம் ஏற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டே கான்கிரீட் கொட்ட வேண்டும். வைப்ரேட்டர் ஊசி குழாயைக் கிழித்தால் முள் உடனே இறங்கும், அப்போதே ஜல்லியை ஒதுக்கிச் சரிசெய்யலாம். இறுகிய பிறகு தெரிந்தால் அந்தச் சுற்றையே மூடிவிட வேண்டியதுதான். இரண்டாவது, சீலிங் ஃபேன் ஹூக். நம் ஊரில் யாராவது ஒருநாள் ஃபேன் மாட்டியே தீருவார்கள், டிரில்லிங் மெஷினோடு வருவார்கள். ஆகவே ஹூக் பெட்டி, லைட் பாயிண்ட், ஸ்பிரிங்க்ளர் எல்லாவற்றையும் சென்ட்ரிங் மேலேயே வைத்து, சுற்றிக் குழாய் போகாதபடி ஒரு அடி விட்டு, கொட்டுமுன் மேலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள். ஃபேன் இருப்பது நல்லதும்கூட. அது ஓடினால் அறை 27-இல் இருந்தாலும் யாருக்கும் புழுங்காது, ஸ்லாப் இன்னும் ஒரு டிகிரி வெதுவெதுப்பாக இருக்கலாம். ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டாம், அது ஸ்லாபுக்கும் ஆட்களுக்கும் நடுவில் கட்டிய திரை.

மீட்டிங் ரூமை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு பேர் ஒரு சின்ன அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறும், அந்த அறைக்கு வரும் பங்குக் காற்றால் அதைத் தூக்க முடியாது. அங்கே கூரைக் குழாயை விட்டுவிட்டு, டிரெயின் குழாயோடு ஒரு சாதாரண ஃபேன் காயில் போடுங்கள். பேன்ட்ரியில் இட்லி அவிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் தனி எக்ஸாஸ்ட், தனிக் கதவு. மாலையில் கடல்காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆபீஸ் உங்களுடையது என்றால், ஆர்க்கிடெக்டிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஸ்லாபில் குழாயே வேண்டாம். இல்லை என்றால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கான்டாக்ட் சுவிட்ச் வைத்து, திறந்ததும் அந்த மாடியின் சில்லர் தண்ணீர் மூடுகிற மாதிரி இணைக்கச் சொல்லுங்கள்.